அந்தத் தாய் முதலில் காட்டிய நான்கு முகங்கள்

மகாராஷ்டிர மாநிலம் நாசிக் மாவட்டம். 2003ஆம் ஆண்டு ஜூன் 5 இரவு. ஒரு தோட்டத்துக் குடிசைக்குள் கொள்ளையர்கள் புகுந்தார்கள். அங்கிருந்த ஏழைக் குடும்பத்திடம் இருந்த சிறு தொகையையும் நகைகளையும் பறித்தார்கள். ஐந்து பேரைக் கொன்றார்கள். பெண்கள் மீது பாலியல் வன்முறை நடந்தது. கொல்லப்பட்டவர்களில் ஒருவர் பதின்வயதுச் சிறுமி. உயிர் தப்பியவர்கள் இருவர்தான். ஒருவர் அந்த வீட்டின் தாய். மற்றவர் அவருடைய மகன்.

இந்தக் குற்றத்துக்காக ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். ஆறு பேரும் நாடோடிப் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். 2006 ஜூனில் நாசிக் அமர்வு நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 2007இல் மும்பை உயர் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கை உறுதி செய்து, மற்ற மூவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2009 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் மீண்டும் தூக்கு விதித்தது. மூன்று நீதிமன்றங்களும் ஆறு பேரும் குற்றவாளிகள்தான் என்று சொன்னபின் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆனால் மறுஆய்வு மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், 2018 அக்டோபர் 31 அன்று தன்னுடைய பழைய தீர்ப்பையே திரும்பப் பெற்றது. வழக்கு புதிதாக விசாரிக்கப்பட்டது. 2019 மார்ச் 5 அன்று நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, எஸ்.அப்துல் நசீர், எம்.ஆர்.ஷா அடங்கிய அமர்வு ஆறு பேரையும் விடுதலை செய்தது. ஏறத்தாழ 16 ஆண்டுகள் சிறை. அதில் பெரும்பகுதி தூக்குக் கயிற்றின் நிழலில். குற்றம் நடந்தபோது அவர்களில் ஒருவர் 18 வயது நிரம்பாதவர் என்பதும் இடையில்தான் தெரியவந்தது.

எங்கே பிழை நடந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நாசிக்கில் நடந்தது நம் மாவட்டத்துக் காவல் நிலையத்திலும் நடக்கக்கூடியது.

*மறைக்கப்பட்ட வாக்குமூலம்*

வழக்கின் முதுகெலும்பு, உயிர் தப்பிய தாயும் மகனும் சொன்ன சாட்சியம். நேரில் பார்த்தவர்கள், காயம் பட்டவர்கள், குடும்பத்தையே இழந்தவர்கள். அவர்கள் ஏன் பொய் சொல்லப் போகிறார்கள்? எந்த நீதிபதிக்கும் இப்படித்தான் தோன்றும். கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் அது தவறான கேள்வி. சாட்சி பொய் சொல்கிறாரா என்று மட்டும் கேட்டால் போதாது. உண்மை என்று நம்பியே தவறாகச் சொல்கிறாரா என்றும் கேட்க வேண்டும்.

சம்பவம் நடந்து இரண்டு நாள் கழித்து, ஜூன் 7 அன்று, அந்தத் தாயிடம் காவல் துறையின் புகைப்பட ஆல்பம் காட்டப்பட்டது. பழைய குற்றவாளிகளின் படங்கள் அதில் இருந்தன. அவர் நான்கு பேரை அடையாளம் காட்டினார். அந்த வாக்குமூலத்தைச் சிறப்பு நிர்வாக நடுவர் பதிவும் செய்தார். நினைவு மாறாமல் இருந்த நேரம் அது.

அவர் காட்டிய நால்வரில் ஒருவர்கூட பிற்பாடு தண்டிக்கப்பட்ட ஆறு பேரில் இல்லை. அந்த நால்வர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படவில்லை. அவர்களை ஏன் விட்டுவிட்டோம் என்ற விளக்கமும் இல்லை. அதே தாய் பிற்பாடு நீதிமன்றத்தில், கூண்டில் நின்ற வேறு ஆட்களைக் குற்றவாளிகள் என்று காட்டினார். முதலில் நால்வரைக் காட்டிய விவரத்தை அரசுத் தரப்பு மறைத்துவிட்டது என்று 2019 தீர்ப்பு கடுமையாகச் சொன்னது. நியாயமான புலன் விசாரணையும் நடக்கவில்லை, நியாயமான வழக்கு விசாரணையும் நடக்கவில்லை என்பது அந்த அமர்வின் முடிவு.

அந்தத் தாயைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கணவரையும் பிள்ளைகளையும் ஒரே இரவில் பறிகொடுத்தவர் அவர். அவருக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது கொடுமை இது. அவர் முதலில் சொன்னதைக் கேட்க ஆளில்லை. பிறகு சொன்னதை வைத்து ஆறு பேரைத் தூக்கு மேடைக்கு அனுப்பப் பார்த்தார்கள்.

*கண் ஏன் ஏமாறுகிறது*

மனிதனின் நினைவு கேமரா அல்ல. ஒரு முகத்தை நாம் நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் மாறுகிறது. நடுவில் பார்த்த வேறு முகங்களும் அதில் வந்து கலந்துகொள்கின்றன. இரவு, மங்கிய வெளிச்சம், உயிர்ப் பயம் எல்லாம் சேர்ந்தால் முகம் சரியாகப் பதிவதே கடினம். கையில் கத்தி இருந்தால் கண் கத்தியைப் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. பஸ்ஸில் பார்த்த ஒருவரைத் தெரிந்தவர் என்று நினைத்துத் தோளைத் தட்டிவிட்டு அசடு வழிந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். நல்ல வெளிச்சத்தில், பதற்றமில்லாத நேரத்தில் நடக்கும் தவறு அது.

அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனையால் நிரபராதி என்று நிரூபிக்கப்பட்டு விடுதலையானவர்கள் முந்நூறு பேருக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் வழக்குகளில் நேரில் பார்த்த சாட்சி ஆளை மாற்றி அடையாளம் காட்டியிருந்தார். அந்தச் சாட்சிகளில் பெரும்பாலானோர் பொய்யர்கள் அல்லர். நீதிமன்றத்தில் உறுதியாகப் பேசியவர்கள். சாட்சியின் உறுதிக்கும் அவர் சொல்வதன் சரித்தன்மைக்கும் நெருங்கிய தொடர்பு இல்லை என்பதுதான் அந்த வழக்குகள் சொல்லும் பாடம். ஒருமுறை ஒருவரைக் காட்டிவிட்டு, 'சரியாகச் சொன்னீர்கள்' என்ற ஒரு சொல்லைப் போலீஸாரிடம் கேட்டுவிட்டால், அந்த முகமே சாட்சியின் நினைவில் குற்றவாளியின் முகமாகக் குடியேறிவிடும்.

இதைத் தடுக்கத்தான் நம் நாட்டில் அடையாள அணிவகுப்பு என்ற நடைமுறை உள்ளது. சந்தேக நபரைப் போன்ற வயதும் தோற்றமும் உள்ள பலருடன் அவரை வரிசையில் நிறுத்துவார்கள். நீதித் துறை நடுவர் முன்னிலையில் சாட்சி அடையாளம் காட்ட வேண்டும். அந்த இடத்தில் புலன் விசாரணை அதிகாரி இருக்கக் கூடாது. கைதான நாளிலிருந்து அணிவகுப்பு நாள் வரை சந்தேக நபரின் முகம் மூடப்பட்டிருக்க வேண்டும். சாட்சி அவரையோ அவர் படத்தையோ முன்கூட்டிப் பார்த்திருக்கக் கூடாது. தாமதமும் கூடாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆள் பிடிபட்ட அன்றே காவல் நிலையத்தில் சாட்சிக்குக் காட்டப்படுகிறார். அல்லது அவர் படம் மறுநாள் செய்தியில் வந்துவிடுகிறது. இப்போது வாட்ஸ்அப் குழுக்களிலும் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடத்தும் அணிவகுப்பில் சாட்சி அடையாளம் காட்டுவது குற்றம் நடந்த இரவில் பார்த்த முகத்தையா, செல்போனில் பார்த்த முகத்தையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அணிவகுப்பே நடத்தாத வழக்குகளும் உண்டு. சில ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில், 'அன்று பார்த்தவர் இங்கே இருக்கிறாரா' என்று சாட்சியிடம் கேட்பார்கள். கூண்டில் நிற்பவரைச் சாட்சி கை காட்டுவார். கூண்டில் நிற்பவரைத் தவிர வேறு யாரைக் காட்டுவார்? சட்டப்படி நீதிமன்றத்தில் காட்டும் அடையாளமே நேரடிச் சாட்சியம். அணிவகுப்பு அதற்குத் துணை மட்டுமே. முன்பின் தெரியாத ஆளைப் பற்றிய வழக்கில் அந்தத் துணை இல்லாவிட்டால் கூண்டு அடையாளத்துக்கு வலு மிகக் குறைவு. இதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

*கடிவாளம் கட்டிய விசாரணை*

தாய் காட்டிய நான்கு முகங்களைக் காவல் துறை ஏன் தேடிப் போகவில்லை? தீர்ப்பை வைத்துப் பார்த்தால் இதற்கு ஒரே பதில் கிடைக்காது. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளில் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்று உண்டு.

கொடூரக் குற்றம் நடக்கிறது. ஊர் கொதிக்கிறது. மேலதிகாரிகள் நாள் குறித்துக் கேட்கிறார்கள். அதிகாரி யாரோ ஒருவர் மீது சந்தேகம் கொள்கிறார். அதன்பின் விசாரணையின் கேள்வியே மாறிவிடுகிறது. 'யார் செய்தது' என்ற கேள்வி போய், 'இவன்தான் செய்தான் என்று எப்படி நிரூபிப்பது' என்ற கேள்வி வந்துவிடுகிறது. கடிவாளம் கட்டிய குதிரைக்கு எதிரே இருக்கும் பாதை மட்டும்தான் தெரியும். சந்தேகத்துக்குப் பொருந்தும் விவரம் வழக்குக் கட்டில் ஏறுகிறது. பொருந்தாத விவரம் கட்டுக்குள் வராமலே போய்விடுகிறது. இதில் எல்லா அதிகாரிகளும் வேண்டுமென்றே பொய் வழக்குப் போடுகிறார்கள் என்பதில்லை. பலர் தம் சந்தேகத்தை உண்மையாகவே நம்புகிறார்கள். அதனால்தான் இது ஆபத்தானது. பொய்யனுக்குத் தான் செய்வது பொய் என்றாவது தெரியும்.

அந்த முதல் சந்தேகம் யார் மீது விழுகிறது என்பதில்தான் சாதி வருகிறது.

பிரிட்டிஷ் அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911 சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தில் பிறந்ததே குற்றம் என்று எழுதி வைத்த சட்டம் அது. கைரேகை வைத்துப் பதிவேட்டில் பெயர் ஏற்றி, இரவில் ஆஜராகச் சொன்ன காலத்தை நம் மாவட்டத்துப் பெரியவர்கள் கேட்டறிந்திருப்பார்கள். 1952இல் நாடு முழுதும் அந்தச் சட்டம் ரத்தானது. காவல் நிலைய மனதிலிருந்து ரத்தாகிவிட்டதா? 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்ததை 'ஜெய்பீம்' படம் பார்த்த எல்லோரும் அறிவார்கள். ஊரில் ஒரு திருட்டு நடந்தது. குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளி மீது சந்தேகம் விழுந்தது. அவர் உயிரோடு திரும்பவில்லை.

நாசிக் வழக்கின் தீர்ப்பும் இந்த இடத்தைத் தொட்டுச் சென்றது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நாடோடிப் பழங்குடியினர், சமூகத்தின் அடித்தட்டைச் சேர்ந்த பரம ஏழைத் தொழிலாளர்கள். கொடிய குற்றங்களில் சில வேளைகளில் அப்பாவிகளைச் சேர்த்துவிடுவது நடக்கிறது. எனவே இவர்கள் பொய்யாகச் சேர்க்கப்பட்டிருக்கும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது என்று நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். சேரிக்காரனும் நாடோடியும் பிடிபட்டால் கேள்வி கேட்க வக்கீல் வருவதில்லை. ஊர்ப் பெரியவர் வருவதில்லை. எம்.எல்.ஏ. போன் செய்வதில்லை. தவறான சந்தேகம் யார் மீதும் விழலாம். அதை உடைக்கும் பலம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. நாட்டின் மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் ஆறில் ஒருவர். சிறைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

*ஆய்வகம் சொல்வதும் சொல்லாததும்*

கண் ஏமாறும், அதிகாரி ஏமாறுவார், அறிவியல் ஏமாறாதே என்று மாணவர்கள் கேட்கலாம். டி.என்.ஏ. அறிக்கை வந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்றுதான் நாமும் நினைக்கிறோம். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றையே பார்ப்போம்.

2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. ஒருவர் கைது செய்யப்பட்டார். 2018இல் தேனி நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வழக்கில் டி.என்.ஏ. அறிக்கை இருந்தது. ஆனால் அந்த மாதிரியை எடுத்த நேரத்திலிருந்து ஆய்வகம் போய்ச் சேரும் வரை நேர்ந்த தாமதத்துக்கும், இடையில் அது யார் கையில், எப்படி இருந்தது என்பதற்கும் நீதிமன்றம் ஏற்கத்தக்க விளக்கம் இல்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆய்வகத்துக்கு இரண்டு பொட்டலங்கள் போகின்றன. ஒன்றில் இறந்தவரின் உடலில் இருந்து எடுத்த மாதிரி. மற்றொன்றில் கைதானவரின் ரத்தம். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டுமே ஆய்வகத்தால் சொல்ல முடியும். முதல் பொட்டலத்துக்குள் இருப்பது எப்படி அங்கே வந்தது என்று அதற்குத் தெரியாது. பொட்டலம் முத்திரையில்லாமல் ஒரு மாதம் காவல் நிலைய அலமாரியில் கிடந்திருந்தால், அந்த இடைவெளியில் கைதானவரின் மாதிரியும் அதே இடத்துக்கு வந்திருந்தால், ஒன்றோடு ஒன்று கலக்கவில்லை என்று யார் உறுதி சொல்வது? வெயிலிலும் ஈரத்திலும் மாதிரி கெட்டும் போகும். ஆய்வகத்தில் எந்தத் தவறும் நடக்காமலே அறிக்கை நம்ப முடியாததாகிவிடும்.

அந்தத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் நான்கு வழிமுறைகளை வகுத்தது. மாதிரியை முறையாகப் பொட்டலமிட்டு, மருத்துவர், புலன் விசாரணை அதிகாரி, சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் அது தடய அறிவியல் ஆய்வகத்தைச் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் பொட்டலத்தைத் திறக்கவோ மறுபடி முத்திரையிடவோ கூடாது. மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அது வழக்குக் கட்டோடு இணைக்கப்பட வேண்டும்.

எனவே டி.என்.ஏ. அறிக்கை உள்ள வழக்கில் வக்கீலிடம் குடும்பத்தார் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'ஒத்துப்போனதா' என்பதல்ல. 'மாதிரி எடுத்த தேதி என்ன, ஆய்வகம் சேர்ந்த தேதி என்ன, இடையில் எங்கே இருந்தது' என்பதுதான்.

*விடுதலைக்குப் பிறகு*

நாசிக் வழக்கில் ஆறு பேருக்கும் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க மகாராஷ்டிர அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினாறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய்கூட வராது. நூறுநாள் வேலைக் கூலியை விடக் குறைவு. தவறு செய்த அதிகாரிகளைக் கண்டறிந்து, பணியில் இருந்தால் துறை நடவடிக்கை எடுக்கவும், தாய் காட்டிய நால்வர் குறித்து மேல் விசாரணை நடத்தவும் அந்தத் தீர்ப்பு சொன்னது. குற்றம் நடந்து பதினாறு ஆண்டுக்குப் பிறகு!

மத்தியப் பிரதேசத்தில் கோண்டு பழங்குடியைச் சேர்ந்த ஒரு மருத்துவ மாணவர், கொலை வழக்கில் சிக்கிப் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 2022இல் அவரை விடுவித்த உயர் நீதிமன்றம் 42 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. ஒரு நீதிமன்றம் 5 லட்சம் என்கிறது, இன்னொன்று 42 லட்சம் என்கிறது. பலருக்கு ஒரு பைசாவும் இல்லை. காரணம் எளியது. தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் சட்டம் நம் நாட்டில் இல்லை. காரணமின்றி ஒருவரைக் கைது செய்ய வைத்தவரிடமிருந்து வாங்கித் தரக்கூடிய தொகைக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வைத்த உச்ச வரம்பு ஆயிரம் ரூபாய். புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அதே ஆயிரம்தான். இதற்கென்று தனிச் சட்ட ஏற்பாடும் சிறப்பு நீதிமன்றங்களும் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில் 2018 ஆகஸ்டிலேயே பரிந்துரைத்தது. சுருளி வழக்கின் தீர்ப்பும் இந்தக் குறையைச் சுட்டி, முடிவெடுக்க வேண்டியது நாடாளுமன்றம் என்றது. இன்னும் சட்டம் வரவில்லை.

*முதல் மூன்று நாட்கள்*

மேல்முறையீட்டில் சரியாகும் என்று காத்திருப்பவர்கள் நாசிக் வழக்கை நினைவில் வைக்க வேண்டும். அங்கே மூன்று படிகளிலும் சரியாகவில்லை. நம் ஊரில் யாரையாவது பிடித்துச் சென்றால் முதல் சில நாட்களில் செய்யக்கூடியவை சில உண்டு.

பிடித்துச் சென்ற தேதி, நேரம், இடம், பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றை உடனே எழுதி வையுங்கள். கைதைப் பதிவு செய்த தேதி வேறாக இருந்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் நடுவர் நீதிமன்றத்துக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். பின்னாளில் அந்தத் தபால் ரசீதே பெரிய ஆதாரமாகும். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தும்போது, 'என்னைச் சாட்சிகளுக்குக் காட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள்' என்பதை கைதானவர் வாய் திறந்து சொல்ல வேண்டும், அதைப் பதிவு செய்யக் கேட்க வேண்டும். போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சட்டப்படி சாட்சியமாகாது. ஆனால் அதன் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டதாகச் சொன்னால் அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகும். அதனால் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.

சம்பவ நேரத்தில் அவர் வேறு இடத்தில் இருந்தார் என்றால் அதற்கான தடயத்தை அன்றே சேகரிக்க வேண்டும். நூறுநாள் வேலை வருகைப் பதிவு, செங்கல் சூளைக் கூலிக் கணக்கு, பஸ் டிக்கெட், கடை வாசல் கேமராப் பதிவு எதுவானாலும் சரி. கேமராப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும். அதனால் அதைப் பாதுகாக்கச் சொல்லி வக்கீல் வழியாக நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும்.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்ட சேவைகள் அதிகாரச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அதைத் தருகிறது. வருமான வரம்பு இவர்களுக்குப் பொருந்தாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். இலவச வக்கீல்தானே என்று விட்டுவிடாமல் குடும்பத்தார் அவரை நேரில் சந்தித்து விவரம் சொல்ல வேண்டும்.

குற்றப்பத்திரிகை நகல் கிடைத்ததும் வக்கீலிடம் இன்னொன்றும் கேளுங்கள். காவல் துறை திரட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் விட்ட வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருட்கள் ஆகியவற்றின் பட்டியலையும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாசிக் தாயின் முதல் வாக்குமூலம் போன்ற ஒன்று அந்தப் பட்டியலில்தான் ஒளிந்திருக்கும்.

*பாதிக்கப்பட்டவருக்கும் இதே நியாயம்*

ஒரு கேள்வி எழும். சாதி வன்கொடுமை வழக்குகளில் குற்றவாளிகள் தப்பிவிடுகிறார்கள் என்று நாம்தானே போராடுகிறோம்? சாட்சியத்தைக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று இப்போது நாமே சொன்னால் அது அவர்களுக்குத்தானே சாதகம்?

அப்படியல்ல. நாசிக்கில் கொல்லப்பட்டதும் ஏழைக் குடும்பம்தான். தவறான ஆறு பேர் சிறைக்குப் போனதால் அந்தக் குடும்பத்துக்கு நீதி கிடைத்ததா? பதினாறு ஆண்டுகள் உண்மைக் குற்றவாளிகளைத் தேட யாருமே இல்லை. தவறான ஆளுக்குத் தண்டனை என்றால் சரியான ஆளுக்கு விடுதலை என்று பொருள். வன்கொடுமை வழக்குகளில் விடுதலை வாங்கித் தருவதும் இதே மோசமான விசாரணைதான். முத்திரையில்லாத பொட்டலம், தாமதமான அணிவகுப்பு, எழுதப்படாத முதல் வாக்குமூலம் எல்லாமே அங்கே குற்றவாளியின் வக்கீலுக்கு ஆயுதம். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று வைத்திருப்பதே விசாரணையின் தரத்துக்காகத்தான். நம் வீட்டுப் பையன் கூண்டில் நிற்கும்போதும், நம் வீட்டுப் பையன் கொல்லப்பட்டுக் கிடக்கும்போதும் நமக்குத் தேவை ஒன்றுதான்: முதல் நாள் சொன்னதை முதல் நாளே, மறைக்காமல் எழுதி வைக்கும் ஒரு விசாரணை.

அந்தத் தாய் ஜூன் 7 அன்று நான்கு முகங்களைக் காட்டினார். அன்றே அந்த நால்வரையும் தேடிப் போயிருந்தால், அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்று அந்த மாதமே தெரிந்திருக்கும்.